கடை டிவிஆரை இணையத்தில் திறந்து வைக்காமல் சிங்கப்பூரிலிருந்து கேமரா பார்ப்பது எப்படி?

கீழமாசி செந்தில்

வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்தக்கடை, பின்பக்கச் சந்தில் ஒரு குடோன். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், கடையை மச்சான் கவனித்துக்கொள்கிறார். 8 கேமரா, அவற்றைப் பதிவு செய்ய ஒரு டிவிஆர். கேமரா போட்டவர் ஃபைபர் இணைப்புக்கு நிலையான ஐபி வாங்கச் சொன்னார், வாங்கினோம். பிறகு ரூட்டரில் 80, 554, 8000 மூன்று போர்ட்டையும் டிவிஆருக்குத் திருப்பி விட்டார். இங்கிருந்து செல்போனில் படம் அருமையாக வருகிறது, அதில் குறை இல்லை.

போன வாரம் டிவிஆரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோதுதான் கவலை வந்தது. இரவு முழுக்க வரிசையாக `Illegal Login` என்று விழுந்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியாத ஐபிகள், நானும் மச்சானும் தூங்குகிற நேரம். கல்லாப்பெட்டிக்கு மேலேயே ஒரு கேமரா இருக்கிறது, குடோனில் எந்த மூட்டை எங்கே என்பது வரை தெரியும். இதை வெளியாள் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை. டிவிஆரை இப்படி நேராக இணையத்தில் காட்டாமல் நான் மட்டும் பார்க்க வழி இருக்கிறதா?

ஒத்தக்கடை ராஜா

நானும் கேமரா வேலைதான் பார்க்கிறேன். இதற்குப் பயப்பட வேண்டாம். 8000 என்பதை 48000 மாதிரி ஒரு எண்ணுக்கு மாற்றுங்கள், பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள், அந்த முயற்சிகள் நின்றுவிடும். அதுவும் வேண்டாம் என்றால் போர்ட்டை எல்லாம் மூடிவிட்டு, டிவிஆர் மெனுவில் பி2பி-யை, அதாவது தயாரிப்பாளரின் கிளவுட் வழியை, ஆன் செய்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். நிலையான ஐபியே தேவை இல்லை, மாதச் செலவும் மிச்சம். நான் போட்ட கடைகளில் எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது.

சிம்மக்கல் பாண்டி

எதற்கு இவ்வளவு? பிளே ஸ்டோரில் காசு கட்டுகிற விபிஎன் ஆப் நிறைய இருக்கிறது. ஒன்றைப் போட்டு இந்தியா என்று தேர்ந்தெடுத்துவிட்டு கேமரா ஆப்பைத் திறந்தால் நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. நான் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

திருநகர் மீனாட்சி

செந்தில், இன்றே செய்ய வேண்டியது ஒன்று: ரூட்டரின் `Port Forwarding` பக்கத்தில் அந்த மூன்று வரியையும் அழியுங்கள். சில நாள் படம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பக்கத்திலேயே `UPnP` என்று ஒன்று இருக்கும், அதை ரூட்டரிலும் அணையுங்கள், டிவிஆரின் நெட்வொர்க் மெனுவிலும் அணையுங்கள். இல்லையென்றால் நீங்கள் மூடிய போர்ட்டை டிவிஆர் தானாகவே ரூட்டரிடம் கேட்டுத் திரும்பத் திறந்துகொள்ளும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

ராஜா அண்ணன் சொன்னதில் பாதி சரி. போர்ட் எண்ணை மாற்றினால் சோம்பேறித்தனமாகத் தேடுகிறவர்கள் குறைவார்கள், பதிவேடு சுத்தமாகத் தெரியும். ஆனால் ஒரு ஐபியில் இருக்கிற 65,535 போர்ட்டையும் தட்டிப் பார்க்கிற நிரல்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. 48000-இல் பதில் சொல்வது டிவிஆர் என்று அவற்றுக்குத் தெரிய அதிக நேரம் ஆகாது.

பாஸ்வேர்டு விஷயம் அதைவிட முக்கியம். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் தன் கேமராக்களில் ஒரு ஓட்டையை அடைத்துப் புதிய மென்பொருள் வெளியிட்டது, CVE-2021-36260 என்று தேடினால் கிடைக்கும். வெப் போர்ட்டை மட்டும் அணுக முடிந்தால் போதும், பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே கட்டளை ஓட்டலாம் என்பதுதான் அந்த ஓட்டை. அதே ஆண்டு தாஹுவாவிலும் பாஸ்வேர்டைத் தாண்டிப் போகிற ஓட்டைகள் வெளியாயின. பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் சுவரே திறந்திருந்தால் பயன் இல்லை. அதனால் கேள்வி பாஸ்வேர்டு பற்றியது இல்லை, வெளியிலிருந்து ஒரு தரவுப் பொட்டலமும் டிவிஆரைத் தொடக் கூடாது என்பது பற்றியது.

பாண்டி, நீங்கள் சொல்வது வேறு வகை விபிஎன். அது செந்திலின் போனை அந்த நிறுவனத்தின் சர்வர் வரை மறைத்துக் கொண்டுபோகும். அங்கிருந்து கடைக்குப் போக டிவிஆரின் போர்ட் திறந்தே இருக்க வேண்டும். இங்கே மறைக்க வேண்டியது டிவிஆரை, போனை இல்லை. செந்திலுக்கு வேண்டிய விபிஎன்னின் மறுமுனை கடைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சிம்மக்கல் பாண்டி

அப்படியென்றால் என் வீட்டு டிவிஆரும் இப்போது வெளியே தெரிகிறதா? எப்படிப் பார்ப்பது?

திருநகர் மீனாட்சி

முதலில் ரூட்டர் பக்கத்தில் `WAN IP` என்ன என்று பாருங்கள், அப்புறம் கூகுளில் what is my ip என்று தேடினால் வருகிற எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் உங்களுக்கென்று தனி ஐபி இருக்கிறது. ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கிறார்கள். அதில் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, சோதித்தாலும் உங்கள் வீட்டைச் சோதித்ததாக ஆகாது.

தனி ஐபி என்றால், வீட்டு இணைப்பில் இல்லாமல் வெளியே இருக்கிற, nmap நிறுவிய ஒரு கணினியிலிருந்து இதை ஓட்டுங்கள். உங்கள் ஐபியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
nmap -Pn -p 80,554,8000,37777 203.0.113.25
```

`open` என்று எது வந்தாலும் அது வெளியே தெரிகிறது. எல்லாமே `filtered` அல்லது `closed` என்று வர வேண்டும்.

ஒத்தக்கடை ராஜா

மேடம், பி2பி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. அதில் போர்ட்டே திறப்பதில்லை. டிவிஆர்தான் வெளியே போய்க் கூப்பிடுகிறது. பங்கு ஐபியிலும் ஓடுகிறது. திருடன் வந்தால் போனில் அறிவிப்பும் வருகிறது. பத்தாம் வகுப்பு படித்த கடைக்காரர் ஒருவர் தானாகவே வைத்துக்கொள்ளலாம். இதைவிட்டு விபிஎன் என்றால் நாளை அது நின்றுபோனால் அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான்.

திருநகர் மீனாட்சி

அது நியாயமான கேள்வி அண்ணே. போர்ட்டைத் திறந்து வைப்பதைவிட பி2பி எவ்வளவோ மேல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த கிளவுட் எப்படிக் கட்டப்பட்டது என்பதை நாம் பார்க்க முடியாது. 2018-இல் ஷியோங்மாய் என்கிற சீன நிறுவனத்தின் தயாரிப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, கிளவுட் அடையாள எண் சாதனத்தின் மேக் முகவரியிலிருந்து கணக்கிடப்படுகிறது, அதனால் யாரும் ஊகித்துவிடலாம், admin கணக்கின் ஆரம்ப பாஸ்வேர்டோ வெறுமை. வேறு பெயர் ஒட்டி விற்ற பல மலிவான டிவிஆர்களுக்குள் இருந்தது அதுதான். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை, ஆனால் டிவிஆர் வாங்குகிறவருக்கு எது எப்படி என்று தெரிய வழியே இல்லை.

இன்னொன்று, செந்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேமரா போடுகிறவர்கள் அவசரத்தில் டிவிஆரைத் தங்கள் சொந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, கடைக்காரருக்குப் பகிர்வு மட்டும் கொடுப்பது உண்டு. அப்போது உரிமையாளர் அவர்தான். ஆப்பில் உங்கள் டிவிஆர் `Shared` என்று காட்டினால் அதை விடுவிக்கச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை ராஜா

அது உண்மைதான், சிலர் அப்படிச் செய்கிறார்கள். நான் கடைக்காரர் போனிலேயே கணக்குத் திறந்து கொடுப்பேன்.

கீழமாசி செந்தில்

மூன்று போர்ட்டையும் மச்சான் அழித்துவிட்டார், `UPnP` இரண்டு பக்கமும் அணைத்தாகிவிட்டது. நான் இங்கிருந்து சோதித்தேன், நான்கும் `filtered`. இனி அந்தக் கடைப்பக்கம் விபிஎன் எப்படி வைப்பது என்று சொல்லுங்கள் அக்கா. கடையில் பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, அதிலேயே போடலாமா?

திருநகர் மீனாட்சி

போடலாம், ஆனால் பில்லிங் கம்ப்யூட்டரை இரவு அணைத்துவிட்டுத்தானே கடையைப் பூட்டுவார்கள்? நீங்கள் பார்க்க விரும்புவதே அந்த நேரத்தைத்தான். ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். உங்களிடம் நிலையான ஐபி இருப்பதால் வயர்கார்டு என்கிற விபிஎன்னை நேராகவே வைக்கலாம். ஒரு யுடிபி போர்ட் திறக்க வேண்டும், ஆனால் சரியான சாவி இல்லாமல் வருகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது, தேடுகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். நாளை நிலையான ஐபியை நிறுத்தினால் அது உடைந்துவிடும். உங்களுக்கு டெயில்ஸ்கேல் எளிது. அடியில் அதே வயர்கார்டுதான், போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், பங்கு ஐபியிலும் ஓடும். பையில் அதை நிறுவிய பிறகு இவ்வளவுதான்:

```
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-routes=192.168.1.108/32
```

கடைசி எண் உங்கள் டிவிஆரின் உள் முகவரி. கடை நெட்வொர்க் முழுவதையும் கொடுக்காமல் டிவிஆர் ஒன்றை மட்டும் கொடுக்கிறோம் என்பதுதான் அந்த `/32`. பிறகு டெயில்ஸ்கேல் வலைப்பக்கத்தில் அந்த வழியை நீங்கள் அனுமதிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் போனில் எல்லாம் இணைந்தது போலவே காட்டும், ஆனால் டிவிஆர் கிடைக்காது. அதே இடத்தில் பைக்கு மட்டும் `Disable key expiry` கொடுங்கள், இல்லையென்றால் 180 நாளில் சாவி காலாவதியாகி, கடையில் யாரும் தொடாமலேயே நின்றுபோகும்.

போனில் டெயில்ஸ்கேலை ஆன் செய்துவிட்டு, இப்போது வைத்திருக்கிற அதே கேமரா ஆப்பில் கிளவுட் வழியாக இல்லாமல் `IP/Domain` வகையில் அந்த உள் முகவரியையும் 8000-ஐயும் கொடுங்கள். admin கணக்கில் போகாதீர்கள். டிவிஆரில் பார்வைக்கும் பழைய பதிவு பார்ப்பதற்கும் மட்டும் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள்.

இத்தனை நாள் திறந்து கிடந்த டிவிஆர் என்பதால், அந்தக் கணக்கைத் திறப்பதற்கு முன்பே பயனர் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தயாரிப்பாளரின் புதிய மென்பொருளை ஏற்றி, ஆரம்ப நிலைக்குத் திருப்பிப் புதிய பாஸ்வேர்டு வையுங்கள்.

ஷார்ஜா பஷீர்

நல்ல இழை. எனக்கும் இதே மாதிரிதான். மேலூர் பக்கம் தென்னந்தோப்பு, மோட்டார் அறையில் இரண்டு கேமரா, சிம் போட்ட 4ஜி ரூட்டர். அத்தாவோடு பேசவும் வேண்டும், கேமராவில் மைக் இருக்கிறது. இங்கே அமீரகத்தில் விபிஎன் என்றாலே எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நான் இதைப் போடலாமா?

திருநகர் மீனாட்சி

சிம் ரூட்டர் இணைப்பிலும் டெயில்ஸ்கேல் ஓடும் அண்ணே, பங்கு ஐபி ஒரு தடை இல்லை. டேட்டாதான் பார்த்துச் செலவழிக்க வேண்டும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சட்டம், குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ ஐபியை மாற்றுவதைத் தண்டிக்கிறது. சொந்தத் தோப்பைப் பார்ப்பது அந்த வகையில் வராது என்பது என் வாசிப்பு, ஆனால் நான் வக்கீல் இல்லை. இணையவழிப் பேச்சுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு, அதனால் மைக்கில் பேசுகிற விஷயத்தை அங்கேயே விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கீழமாசி செந்தில்

பை வாங்கி மச்சானிடம் கொடுத்து, வீடியோ அழைப்பில் உட்கார்ந்து எல்லாம் செய்தோம். ஒரு விசித்திரம். மொபைல் டேட்டாவில் படம் உடனே வருகிறது. சிங்கப்பூர் வீட்டு வைஃபைக்கு வந்தால் வரவில்லை, டெயில்ஸ்கேல் பச்சையாகத்தான் காட்டுகிறது. பில்லிங் கம்ப்யூட்டரையும் பார்க்கலாமே என்று `192.168.1.0/24` கொடுத்திருந்தேன்.

திருநகர் மீனாட்சி

உங்கள் வீட்டு வைஃபையும் 192.168.1-இல்தான் ஆரம்பிக்கும், பாருங்கள். டிவிஆர் முகவரியைக் கேட்டதும் போன் அதை இந்த வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. மொபைல் டேட்டாவில் அந்த மோதல் இல்லை, அதனால் வருகிறது. கடை ரூட்டரின் உள் முகவரியை 192.168.57.1 மாதிரி யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றி, டிவிஆருக்கு 192.168.57.108, பைக்கு 192.168.57.10 என்று நிலையாகக் கொடுங்கள். பில்லிங் பிரிண்டருக்குக் கையால் முகவரி போட்டிருந்தால் அதுவும் மாற வேண்டும், எனவே கடை அடைத்த பிறகு செய்யுங்கள். மாற்றிய பிறகு `/32`-க்கே திரும்பி வாருங்கள்.

அதைச் செய்யும்போதே டிவிஆரின் `Gateway` கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஏற்காவிட்டால் 192.168.57.254 மாதிரி யாரும் இல்லாத முகவரியைப் போடுங்கள். ஐபிவி6-ஐயும் டிவிஆரில் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அது தனக்கான வெளிவழியைத் தானே எடுத்துக்கொள்ளும். இனி டிவிஆரால் வெளியே போகவே முடியாது. நீங்கள் பார்ப்பது மட்டும் நிற்காது. உங்கள் கோரிக்கையைப் பை தன் சொந்த முகவரியில் டிவிஆரிடம் கொடுக்கிறது, பக்கத்தில் இருக்கிற பைக்குப் பதில் சொல்ல டிவிஆருக்கு வெளிவழி தேவை இல்லை.

இதில் ஒரு விளைவு: டிவிஆரின் கடிகாரம் இணையத்திலிருந்து நேரம் எடுக்க முடியாது, மெல்ல மெல்லத் தள்ளிப்போகும். போலீஸ் பதிவு கேட்கிற நாளில் நேரம் பத்து நிமிடம் தப்பாக இருந்தால் பெரிய சங்கடம். பையில் chrony என்கிற நேர சர்வரை நிறுவி, `/etc/chrony/chrony.conf` கோப்பில் இந்த வரியைச் சேருங்கள்:

```
allow 192.168.57.0/24
```

`sudo systemctl restart chrony` ஓட்டிவிட்டு, டிவிஆரின் `NTP` முகவரியாகப் பையைக் கொடுங்கள்.

ஒத்தக்கடை ராஜா

கேட்வே இல்லாமலும் படம் வரும் என்பது எனக்குப் புதிது, வேலைப்பட்டறையில் ஒன்றில் செய்து பார்த்தேன், வருகிறது. ஆனாலும் கேட்கிறேன், டெயில்ஸ்கேலும் வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வர்தானே? பி2பி-யை நம்பக் கூடாது என்றால் இதை மட்டும் எப்படி நம்புவது?

திருநகர் மீனாட்சி

நம்பிக்கை முழுக்கப் போய்விடவில்லை, குறைகிறது. ரகசியச் சாவி உங்கள் போனிலும் பையிலும்தான் இருக்கிறது. அவர்கள் சர்வர் வழியாகப் படம் போக நேர்ந்தாலும் பூட்டியபடிதான் போகும். ஆனால் எந்தச் சாதனம் உங்கள் வலைக்குள் வரலாம் என்று பட்டியல் கொடுப்பது அவர்கள் சர்வர்தான், அந்த இடத்தில் நம்பத்தான் வேண்டும். அதுவும் வேண்டாதவர்கள் ஹெட்ஸ்கேல் என்பதைச் சொந்த சர்வரில் ஓட்டலாம், அல்லது நிலையான ஐபியோடு வெறும் வயர்கார்டு. செந்தில், நீங்கள் எந்த கூகுள் கணக்கில் உள்ளே நுழைகிறீர்களோ அதுதான் இனி கடையின் சாவி. இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் விடாதீர்கள். மச்சானின் போன் தொலைந்தால் அன்றே அந்தச் சாதனத்தைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

கீழமாசி செந்தில்

முகவரி மாற்றியதும் வைஃபையிலும் வந்துவிட்டது. இப்போது இரண்டு விஷயம். சாயங்காலம் 7 மணிக்கு மேல் 8 கேமராவையும் ஒன்றாகப் போட்டால் திக்குகிறது, ஒரு கேமரா மட்டும் என்றால் சரியாக வருகிறது. `tailscale ping kadai-pi` போட்டால் திரும்பத் திரும்ப இப்படி வருகிறது:

```
pong from kadai-pi (100.101.5.7) via DERP(blr) in 71ms
```

இரண்டாவது, முன்பு இரவில் அசைவு இருந்தால் போனுக்கு அறிவிப்பு வரும். இப்போது வருவதே இல்லை.

திருநகர் மீனாட்சி

`DERP` என்று வந்தால் நேர் வழி கிடைக்காமல் பெங்களூரில் உள்ள டெயில்ஸ்கேலின் இடைநிலை சர்வர் வழியாகப் போகிறது, அதில் வேகம் குறைவுதான். கடை ரூட்டரில் யுடிபி எதையாவது தடுக்கிறதா பாருங்கள். அதற்கு முன் எளிய வழி: எட்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது ஆப்பில் தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். மெயின் ஸ்ட்ரீம் கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றால் எட்டுக்கும் 16, சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸ் என்று வைத்தால் மொத்தமே 4. டிஸ்க்கில் பதிவாவது மெயின் ஸ்ட்ரீம்தான், எனவே பதிவின் தரம் குறையாது.

அறிவிப்பு நின்றதற்குக் காரணம் நாம் டிவிஆரை வெளியே விடாததுதான். ராஜா அண்ணன் முதலிலேயே சொன்ன வசதி அது, இந்த அமைப்பில் போய்விட்டது. டிவிஆர் தரும் அசைவுச் செய்தியைப் பையிலேயே வாங்கி டெலிகிராமுக்கு அனுப்பலாம், ஆனால் அதற்கு ஒரு நிரல் எழுத வேண்டும், உங்கள் டிவிஆர் மாடலைப் பொறுத்தது.

ஒத்தக்கடை ராஜா

மளிகைக் குடோனில் அசைவு அறிவிப்பை நம்பவே முடியாது. எலி ஓடினாலும் அடிக்கும், நாலு நாளில் அவரே அணைத்துவிடுவார். ஷட்டருக்குக் காந்த சென்சார் போட்டு, சிம் போட்ட அலாரம் ஒன்று வையுங்கள், ஷட்டர் தூக்கினால் மச்சானுக்கும் உங்களுக்கும் அழைப்பு வரும். இணையமே வேண்டாம். இன்னொன்று, பையை எதில் செருகியிருக்கிறீர்கள்? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் டிவிஆர் யுபிஎஸ்ஸில் ஓடும், ரூட்டரும் பையும் அணைந்திருக்கும். அந்த எஸ்டி கார்டும் கரண்ட் போய்ப் போய் வந்தால் கெட்டுவிடும்.

கீழமாசி செந்தில்

பை நேராகச் சுவர் ப்ளக்கில்தான் இருக்கிறது அண்ணே, ஃபைபர் பெட்டியும் அப்படித்தான். மூன்றையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்கிறேன். சப் ஸ்ட்ரீமில் எட்டும் திக்காமல் ஓடுகிறது, ஆனால் `DERP` இன்னும் மாறவில்லை. அலாரம் பற்றி உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன், ஷட்டர் அளவோடு. டிவிஆர் மாடல் எண்ணை மச்சான் நாளை ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்வார் அக்கா, போடுகிறேன்.

ஷார்ஜா பஷீர்

தோப்புக்கும் காந்த சென்சார் சரிப்படுமா ராஜா? மோட்டார் அறைக் கதவு தகரம்.